வைக்கோல் பாலாவது எப்படி?

நாகநதியின் மணல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் கணியம்பாடி வட்டாரத்தில் பெரும்பாலான மாடுகளுக்குக் கிடைப்பது வைக்கோல்தான். ஒரு பசு காலையிலும் மாலையிலுமாக ஆறு கிலோ வைக்கோலைத் தின்றுவிடுகிறது. வயிறு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் பால் நாளுக்கு நாள் குறைகிறது. விலா எலும்பு தெரிகிறது. சினைப் பருவமும் தள்ளிப்போகிறது. தீனிக்குக் குறைவில்லை, உடம்பில்தான் ஒட்டவில்லை என்று விவசாயிகள் சொல்வதுண்டு. அது வெறும் பேச்சன்று. தின்ற வைக்கோலில் பாதிக்கு மேல் உண்மையிலேயே உடம்பில் ஒட்டாமல் சாணமாக வெளியேறிவிடுகிறது.

வைக்கோலிலும் புல்லிலும் மிகுதியாக இருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அரிசியிலுள்ள மாவுப்பொருளைப் போலவே இதுவும் குளுகோஸ் சர்க்கரைத் துண்டுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு உண்டானதுதான். கோத்திருக்கும் விதம்தான் வேறு. அரிசிச் சங்கிலியை நம் குடலிலுள்ள நொதிகள் எளிதில் அறுத்துவிடும். செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும் நொதி மனிதனுக்கு இல்லை, மாட்டிற்கும் இல்லை, ஆட்டிற்கும் இல்லை. பருத்தித் துணி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்தான். அதை நாம் தின்றால் என்ன பயனோ, அதே பயன்தான் வைக்கோலால் மாட்டிற்கும் கிடைத்திருக்கும், அதன் வயிற்றில் வேறு சிலர் குடியிருக்காவிட்டால்.

குடியிருப்போர் யார்?

மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதலில் உள்ளதும் மிகப் பெரியதுமான பெருவயிறு, அதாவது ரூமென், இடப்பக்க வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. 300 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவின் பெருவயிற்றில் ஏறத்தாழ 40, 50 லிட்டர் சரக்கு எப்போதும் இருக்கும். வெள்ளாட்டில் இது நான்கைந்து லிட்டர். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி. காற்றிலுள்ள பிராணவாயு அங்கே இல்லை என்றே சொல்லலாம். இந்த இருட்டுத் தொட்டியில் ஒரு மில்லி லிட்டர் நீரை எடுத்தால் அதில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பெரிய, புரோட்டோசோவா எனப்படும் ஓரணு உயிர்கள் லட்சக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும்.

இந்த ஓரணு உயிர்களை 1843-ஆம் ஆண்டிலேயே குரூபி, டெலஃபோன் என்னும் இருவர் உருப்பெருக்கியில் கண்டு எழுதிவைத்தார்கள். ஆனால் நாரை அறுக்கும் பாக்டீரியாக்கள் காற்றுப் பட்டாலே மடிபவை. அவற்றைத் தனியே பிரித்து வளர்க்க நூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஹங்கேட், காற்றுப் புகாத குழாய்களில் அவற்றை வளர்க்கும் முறையை உருவாக்கினார். 1975-இல் இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்பவர், அதுவரை ஓரணு உயிர்கள் என்று எண்ணப்பட்ட சில உண்மையில் பூசணத்தின் விதைத்துகள்கள் என்று காட்டினார். காற்றில்லாத இடத்தில் பூசணம் வளரும் என்று அதுவரை யாரும் நம்பவில்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். மாடு வைக்கோலை அரைகுறையாக மென்று விழுங்குகிறது. பிறகு நிழலில் படுத்துக்கொண்டு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போடுகிறது. இது சோம்பேறித்தனம் அன்று. வைக்கோலின் மேற்பரப்பு மெழுகும் மணற்சத்தும் படிந்து வழவழப்பாக இருப்பதால் பாக்டீரியாக்களால் அதில் பற்றிக்கொள்ள முடியாது. தண்டு நசுங்கிப் பிளந்த வாய் கிடைத்தால்தான் பற்றும். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் புதுப் புது வாய்கள் திறக்கின்றன. பூசணமோ தன் வேர் போன்ற இழைகளைத் தண்டுக்குள் செலுத்தி அதை உள்ளிருந்தே பிளக்கிறது. நார் அறுபட்டுச் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் மாட்டிற்கு விட்டுவைப்பதில்லை. தாங்களே உண்டுவிடுகின்றன.

அப்படியானால் மாட்டிற்கு என்ன மிஞ்சுகிறது? நுண்ணுயிர்கள் உண்டு கழித்த அமிலங்கள். மாவு புளிப்பது போன்ற நொதித்தல்தான் இங்கும் நடக்கிறது. உண்டாகும் அமிலங்களில் முக்கியமானவை மூன்று. காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், ஊசிப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலம் ஆகியவை அவை. ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் என்பது இவற்றின் பொதுப்பெயர். பெருவயிற்றின் உட்சுவரில் பூந்துவாலையின் நூல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகள் இவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. மாட்டிற்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு எழுபது பங்கு இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. மேற்கண்ட பசு தின்னும் ஆறு கிலோ வைக்கோலிலிருந்து தோராயமாக ஒரு கிலோ அமிலம் நாள்தோறும் உண்டாகிறது என்று கொள்ளலாம்.

மூன்று அமிலங்களும் மூன்று வேலை செய்கின்றன. அசிட்டிக் அமிலம் பாலிலுள்ள கொழுப்புக்கு மூலப்பொருள். புரோப்பியானிக் அமிலம் ஈரலுக்குச் சென்று குளுகோஸ் சர்க்கரையாக மாறுகிறது. மடியில் பாற்சர்க்கரை உண்டாவது அதிலிருந்துதான். பாற்சர்க்கரை எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் பாலில் நீர் சேரும். ஆகவே பாலின் அளவை நிர்ணயிப்பது இந்த இரண்டாவது அமிலமே. பியூட்டிரிக் அமிலத்தில் பெரும்பகுதியைப் பெருவயிற்றின் சுவரே எரிபொருளாகக் கொள்கிறது. வைக்கோலும் புல்லும் மட்டும் தின்னும் மாட்டில் நூறு பங்கு அமிலத்தில் எழுபது அசிட்டிக், இருபது புரோப்பியானிக், பத்து பியூட்டிரிக் என்ற அளவில் இருக்கும். தானியமும் தவிடும் கூடினால் அசிட்டிக் குறைந்து புரோப்பியானிக் ஏறும். பால் சங்கத்தில் சிலருடைய பால் அளவில் மிகுந்தும் கொழுப்பில் குறைந்தும் நிற்பதற்கும், வைக்கோல் மாட்டின் பால் குறைவாகவும் கெட்டியாகவும் இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் கலந்ததாகச் சந்தேகிக்கும் முன் தீவனத்தையும் விசாரிப்பது நல்லது.

இந்தத் தொழிலில் கழிவும் உண்டு. நொதிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அது தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடுகின்றன. மாடு அதை ஏப்பமாக வெளியேற்றுகிறது. தின்ற தீனியின் சக்தியில் நூற்றுக்கு ஆறேழு பங்கு இப்படி ஏப்பத்தில் போய்விடுகிறது. ஏப்பம் அடைபட்டால் இடப்பக்கம் பறை போல் உப்பிவிடும்.

வைக்கோல் மட்டும் போதாதது ஏன்?

நுண்ணுயிரும் உயிர்தான். அது பெருக வேண்டுமானால் சக்தி மட்டும் போதாது, தழைச்சத்தும் வேண்டும். தீவனத்தில் நூற்றுக்கு ஏழு பங்காவது புரதம் இருந்தால்தான் நாரை அறுக்கும் பாக்டீரியாக்கள் தழைத்துப் பெருகும். நெல் வைக்கோலில் இருப்பது மூன்று, நான்கு பங்குதான். பயிர் நெல்லுக்குக் கொடுத்ததுபோக மீந்த தண்டுதானே அது?

மேற்கண்ட பசுவின் கணக்கைப் பார்ப்போம். ஆறு கிலோ வைக்கோலில் மூன்றரைப் பங்கு வீதம் 210 கிராம் புரதம் இருக்கிறது. ஏழு பங்கு வேண்டுமானால் 420 கிராம் தேவை. குறைவு 210 கிராம். இந்தக் குறைவால் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. எண்ணிக்கை குறைந்ததால் வைக்கோல் மெதுவாக அறுபடுகிறது. பெருவயிற்றைவிட்டு அது நகரவே இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. பழைய சரக்கு நகர்ந்தால்தானே புதிய சரக்குக்கு இடம் உண்டு? எனவே மாடு வயிறு நிறைந்து, மேற்கொண்டு தின்னவும் முடியாமல், பட்டினி கிடக்கிறது. ஆராய்ச்சி நிலையங்களில் இதைக் கண்ணால் காண வழி செய்திருக்கிறார்கள். மாட்டின் விலாப்பக்கம் மூடியிட்ட துளை அமைத்து, நைலான் பையில் எடைபோட்ட வைக்கோலைக் கட்டிப் பெருவயிற்றுக்குள் தொங்கவிடுவார்கள். 24 மணி, 48 மணி கழித்து எடுத்துக் கழுவி உலர்த்தி எடை போட்டால் எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும்.

துளையிடாமலே அறிய வழி உண்டு. வைக்கோல் மட்டும் தின்ற மாட்டின் சாணம் இறுகி, அடுக்கடுக்காக விழும். அதைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் வடித்தால் நீளமான தண்டுத் துண்டுகள் அப்படியே நிற்கும். இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்தால் பெருவயிறு புரண்டு கொடுப்பதை உணரலாம். இரண்டு நிமிடத்தில் மூன்று முறை புரண்டால் நலம். ஒரு முறைதான் என்றால் உள்ளே வேலை மந்தம்.

அந்த 210 கிராமை எதிலிருந்து கொடுப்பது? அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கில் 200 கிராம் புரதம் இருக்கிறது. ஐந்து கிலோ பசும் வேலிமசால் தழையிலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். வேர்க்கடலை விளையும் இப்பகுதியில் கடலைக்கொடி கைவசம் உண்டு. இரண்டு கிலோ வைக்கோலை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக இரண்டு கிலோ கொடி போட்டால் மொத்தப் புரதம் 340 கிராமாக உயரும். மீதியைச் சிறிது பிண்ணாக்கால் ஈடுகட்டலாம். ஆனால் கொடியின் புரதம் இலையில்தான் இருக்கிறது. அறுவடைக் களத்தில் இலை உதிரக் காய்ந்து, தண்டு மட்டும் வீடு வந்து சேர்ந்தால் அது இன்னொரு வைக்கோல்தான். இந்த ஈடெல்லாம் நுண்ணுயிரின் பசியைத் தீர்ப்பதற்கே. பால் கறக்கும் மாட்டிற்கு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ கலப்புத் தீவனம் தனியே வேண்டும்.

நுண்ணுயிர்களுக்கு ஒரு விசேஷத் திறமை உண்டு. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவைக்கூடத் தழைச்சத்தாகக் கொண்டு அவை புரதம் கட்டிக்கொள்ளும். பின்னர் அவை தீவனத்தோடு அடித்துச் செல்லப்பட்டு நான்காவது இரைப்பையில் செரித்து, மாட்டிற்கே புரதமாகிவிடுகின்றன. யூரியா ஊட்டிய வைக்கோல் இந்த அடிப்படையில் அமைந்தது. நூறு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 60 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். தரையில் பாலிதீன் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து, மிதித்து இறுக்க வேண்டும். பிறகு பாலிதீனால் மூடி ஓரங்களைச் சேற்று மண்ணால் அடைத்து, 21 நாட்கள் விட்டுவிட வேண்டும். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி, நாரைப் பூட்டி வைத்திருக்கும் லிக்னின் கட்டை நெகிழ்த்துகிறது. வைக்கோல் பொன்னிறத்திலிருந்து பழுப்பாகிப் பதப்படும். புரதம் ஏழெட்டுப் பங்காக உயர்கிறது. செரிமானமும் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு கூடும். வேண்டிய அளவை ஒரு பக்கமாக எடுத்து, மூக்கை எரிக்கும் நெடி போகும்வரை ஆறவிட்டே போட வேண்டும். கருத்துப் பூசணம் பிடித்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அதை எருக்குழியில் தள்ளிவிடலாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைப் போடக் கூடாது. அதன் பெருவயிறு இன்னும் முழுமை பெறவில்லை. யூரியாவைக் குடிநீரிலோ தவிட்டிலோ நேரடியாகக் கலப்பது ஆபத்து. அம்மோனியா ஒரே நேரத்தில் மிகுந்து, நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும் முன்னரே இரத்தத்தில் ஏறிவிடும். அரை மணியில் நடுக்கமும் வாய்நுரையும் உப்புசமும் கண்டு மாடு விழுந்துவிடக்கூடும். அவசரத்திற்குக் காடியைக் குளிர்ந்த நீரில் கலந்து புகட்டுவதுண்டு. மருத்துவரை அழைப்பதற்கு அது மாற்றாகாது.

ஆடும் துவர்ப்பும்

வெள்ளாட்டின் பெருவயிறு சிறியது, சரக்கும் அதில் வேகமாக நகரும். எனவே முரட்டு நாரை நாட்கணக்கில் ஊறவைக்க அதற்கு நேரமில்லை. வைக்கோலை முகர்ந்துவிட்டு வேலியை நோக்கி நகர்கிறதே, அது திமிர் அன்று. இலையும் நெற்றும் தேடிப் பொறுக்கித் தின்றால்தான் அதற்குக் கட்டுபடியாகும். ஜவ்வாது மலையடிவாரத்துக் காட்டோரங்களில் கருவேலம், வெள்வேலம் போன்றவற்றின் தழைகளை அது தின்கிறது. இவற்றில் புரதம் நிறைய இருந்தாலும், டானின் என்னும் துவர்ப்புச் சத்தும் கூடவே இருக்கிறது.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பகுதித் தோல் தொழிலில் இருப்போருக்கு இந்தத் துவர்ப்பு புதிதன்று. இன்று பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்டாலும், முன்பு ஆவாரம்பட்டைச் சாற்றில்தான் தோலை ஊறப்போட்டார்கள். பட்டையின் டானின் தோலிலுள்ள புரதத்தை இறுகப் பிணைத்து அழுகாமல் காத்தது. அதே பிணைப்பு உயிருள்ள ஆட்டின் பெருவயிற்றிலும் நடக்கிறது. டானின் தழையின் புரதத்தையும், நாரை அறுக்கும் நொதிகளையும் பிடித்துக்கொள்கிறது. அளவோடு இருந்தால் புரதத்தைப் பெருவயிற்றில் வீணாகாமல் குடலுக்குக் கடத்தும் நன்மை உண்டு. மிஞ்சினால் ஆடு தின்றும் தேறாது, புழுக்கை வறண்டு கறுக்கும். மேய்ச்சலில் விட்ட ஆடு ஒரு செடியில் நிலைக்காமல் பத்துச் செடியில் வாய் வைப்பதால் அளவு மிஞ்சுவதில்லை. கட்டிப்போட்டு, வெட்டிவந்த ஒரே வேலமரக் கிளையை நாள்தோறும் போடும்போதுதான் தொல்லை. அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் என்று தழைகளை மாற்றிக் கலந்து போட வேண்டும். சூபாபுல்லும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மாட்டுப் பொங்கலன்று வரும் ஆபத்து

இந்த நுண்ணுயிர்ப் பண்ணை ஒரே இரவில் பாழாவதும் உண்டு. தை மாதத்தில், மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளில், கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் காணும் நோய் இது. ஆண்டு முழுவதும் வைக்கோல் தின்ற மாட்டிற்குப் பாசத்தோடு ஒரு பானைப் பொங்கல் ஊட்டப்படுகிறது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவதும், ஆடு அவிழ்த்துக்கொண்டு அரிசி மூட்டையில் வாய் வைப்பதும் இதே விளைவைத் தரும்.

நடப்பது இது. வெந்த சோற்றின் மாவுப்பொருள் மணிக்கணக்கிலேயே நொதித்துவிடும். நாரை அறுப்பவை மெதுவாகப் பெருகுபவை, மாவைத் தின்பவையோ வெகு வேகமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. மோர் புளிப்பதும் இதே அமிலத்தால்தான். வழக்கமான மூன்று அமிலங்களைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு கடுமையானது. பெருவயிற்றின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, வழக்கமாக ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கும். ஆறுக்குக் கீழே இறங்கினால் நாரை அறுக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். ஐந்தைத் தொட்டால் அவை பெருமளவில் மடியும், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் கூட்டமே எஞ்சும். வைக்கோல் தின்னும்போது அசை போட்டு விழுங்கிய காரமான உமிழ்நீர் அமிலத்தை மட்டுப்படுத்தும். சோற்றை அசை போட வேண்டியதில்லையாதலால் அந்த உமிழ்நீரும் நின்றுவிடுகிறது. உப்பும் புளிப்பும் மிகுந்த வயிறு உடம்பின் நீரை உள்ளே இழுத்துக்கொள்ள, இரத்தம் கெட்டியாகிறது.

வெளியே தெரியும் அடையாளங்கள்: மாடு தீனி எடுக்காது, அசை போடாது, பல்லைக் கடிக்கும். இடப்பக்கத்தைக் கையால் குலுக்கினால் குடத்தில் நீர் அலம்புவது போலக் கேட்கும். புளித்த நாற்றத்துடன் கழியும். சாணத்தில் சோற்றுப் பருக்கை தெரியும். கண் உள்வாங்கிவிட்டால் காலம் மிகக் குறைவு. உடனே சோறு, தவிடு, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திக் காய்ந்த வைக்கோல் மட்டும் போட்டு, மருத்துவரை வரவழைக்க வேண்டும். அவர் சோடா உப்பைப் புகட்டுவதும், இரத்தக் குழாயில் நீர் ஏற்றுவதும் நேரத்தை ஒட்டியே பயன் தரும். படுத்துவிட்ட மாட்டிற்கு வீட்டார் எதையும் வாயில் ஊற்றுவது கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டிச் சாங்கியத்தை முடித்துக்கொண்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு வைத்தால் குற்றமில்லை. தானியத்தைத் தீவனத்தில் கூட்ட வேண்டியிருந்தால், இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மாவைத் தின்பவை பெருகும்போது, அவை விடும் லாக்டிக் அமிலத்தை உண்பவையும் கூடவே பெருக அந்த அவகாசம் தேவை.

பிழைத்த மாடு சில சமயம் வாரக்கணக்கில் தீனி எடுக்காமல் நிற்கும். அமிலம் தணிந்தும், நாரை அறுக்கும் நுண்ணுயிர்கள் திரும்பப் பெருகியிருக்காது. அப்போது மருத்துவர்கள் செய்வது ஒரு குடியேற்றம். நலமான மாட்டின் பெருவயிற்று நீரையோ, இறைச்சிக்கூடத்தில் அப்போதே அறுத்த நோயற்ற மாட்டின் பெருவயிற்றுச் சரக்கைப் பிழிந்த நீரையோ, ஆறவிடாமல் மூடிய பாத்திரத்தில் கொண்டுவந்து குழாய் வழியே உள்ளே செலுத்துகிறார்கள். ஆட்டிற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் போதும். மாட்டிற்கு எட்டுப் பத்து லிட்டர் வேண்டும். கூடவே கைக்கு இதமான நல்ல வைக்கோலும் சிறிது பசுந்தழையும் போட்டுவந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மாடு படுத்து அசை போடத் தொடங்கும்.